சீனி சேர்க்காத பெருநாள் இனிப்புகள்: ஓர் அறிவிப்பும் அதன் விளக்கமும்



பாலுச்செட்டிச் சத்திரம் பக்கம் இனிப்புக் கடை வைத்திருக்கும் நம் ஜமாஅத்துத் தம்பி ஒருவர், போன மாதம் ஒரு நோட்டீஸ் மாதிரியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். இந்தப் பெருநாளுக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனியாக மூன்று இனிப்பு போடப் போகிறாராம். "நம்ம மடலில் போடுங்க அண்ணே, நம்ம ஜனங்களுக்குத்தானே" என்றார். நோட்டீஸில் இருந்தது இதுதான்: "சர்க்கரை நோயாளிகள் இனி பயமின்றி வயிறாரச் சாப்பிடலாம்! 100 சதவீதம் சுகர் ஃப்ரீ! டயாபடிக் ஃப்ரெண்ட்லி நெய் மைசூர்பாக், பால்கோவா, பேரீச்சம்பழ ரோல். முற்றிலும் இயற்கையானது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்."

தம்பி நேர்மையானவர். எடையில் ஒரு கிராம் குறைக்க மாட்டார். மற்ற கடைகளின் பெட்டிகளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் அவரும் எழுதியிருந்தார். ஆனால் அதை அப்படியே அச்சிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு என் வீட்டிலேயே நடந்த ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நோட்டீஸை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எப்படித் திருத்தினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெருநாளுக்கு இனிப்பு வாங்கப் போகிற உங்களுக்கு எந்தக் கடையிலும் அது உதவும்.

முதலில் ஒரு சொல் தகராறு. தமிழில் நோய்க்கும் சர்க்கரை என்றுதான் பேர், பண்டத்துக்கும் சர்க்கரை என்றுதான் பேர். "சர்க்கரை இல்லாத இனிப்பு" என்று படிக்கும் பெரியவர், "இதைச் சாப்பிட்டால் எனக்குச் சர்க்கரை ஏறாது" என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டும் ஒன்றல்ல. அதனால் இந்தக் கட்டுரையில் கடையில் வாங்கும் வெள்ளைப் பொருளை நம் வீடுகளில் சொல்வதுபோலச் சீனி என்றே சொல்கிறேன். இரத்தத்தில் ஏறுவதை இரத்தச் சர்க்கரை என்கிறேன்.

"சுகர் ஃப்ரீ" என்பது கடைக்காரர் விருப்பத்துக்கு எழுதிக்கொள்ளும் சொல் அல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளில் அதற்கு ஓர் எண் இருக்கிறது: 100 கிராம் பண்டத்தில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை வகை இருக்கக் கூடாது. இங்கே சர்க்கரை வகை என்றால் சீனி மட்டும் அல்ல. குளுக்கோஸ், பழத்தில் இருக்கும் சர்க்கரை, பாலில் இருக்கும் சர்க்கரை எல்லாம் அதில் சேரும். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்பது வேறொரு சொல், அதற்கு வேறு நிபந்தனை. "டயாபடிக் ஃப்ரெண்ட்லி" என்பதற்கு இப்படி எந்த எண்ணும் கிடையாது. எண் இல்லாத சொல்லை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால், அதை முதலில் அடித்தோம்.

பால்கோவாவை எடுத்துக்கொண்டோம். தம்பி அதில் சீனி போடவில்லை, இனிப்புக்குச் சுக்ரலோஸ் போடுகிறார். "அப்புறம் என்ன அண்ணே, சுகர் ஃப்ரீதானே?" என்றார். ஒரு லிட்டர் பாலில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் இருக்கிறது. அந்த ஒரு லிட்டரைச் சுண்டக் காய்ச்சினால் சுமார் 200 கிராம் கோவா வரும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், பால் சர்க்கரை முழுவதும் சட்டியிலேயே நிற்கும். அப்படியானால் 100 கிராம் கோவாவில் 22 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை வகை இருக்கிறது. விதி அனுமதிப்பதோ அரை கிராம். தம்பி கால்குலேட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். ஒரு மணி சீனி போடாமல் செய்த கோவாவும் சுகர் ஃப்ரீ ஆகாது. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை, பாலின் இயல்பான சர்க்கரை உண்டு" என்று எழுதலாம். அதுதான் உண்மை.

அடுத்தது பேரீச்சம்பழ ரோல். இதில்தான் அதிக நேரம் பிடித்தது. பேரீச்சம்பழம் நமக்கு வெறும் பழம் அல்லவே. நோன்பு திறப்பது அதில்தான். அதைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று எனக்கே தயக்கம் இருந்தது. நோன்பு திறக்க ஒன்றோ மூன்றோ பழம் சாப்பிடுவது பற்றி இங்கே பேச்சில்லை. பழத்தை அரைத்து, முந்திரி, பாதாம் சேர்த்து உருட்டி, "சர்க்கரை நோயாளிகளுக்கு" என்று எழுதி விற்பது பற்றித்தான் பேச்சு.

100 கிராம் பேரீச்சம்பழத்தில் சர்க்கரை வகை மட்டும் 65 கிராம் அளவுக்கு இருக்கிறது. தம்பியின் ரோலில் பத்தில் ஆறு பங்கு பழம், மீதி பருப்பு. ஒரு துண்டு 20 கிராம் என்றால் அதில் 12 கிராம் பழம். அதாவது கிட்டத்தட்ட 8 கிராம் சர்க்கரை. சீனி போட்டுச் செய்யும் சாதாரண நெய் மைசூர்பாக் துண்டில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று பிறகு கணக்குப் போட்டோம். அதுவும் 8 கிராம்தான்! பழத்தில் நார்ச்சத்து உண்டு, பருப்பும் கூட இருக்கிறது, அதனால் கொஞ்சம் மெதுவாக ஏறும். ஆனால் ஏறாது என்று சொல்ல வழியே இல்லை.

"சீனி சேர்க்கவில்லை என்றாவது போடலாமே, உண்மையிலேயே சேர்க்கவில்லையே" என்றார் தம்பி. விதி அந்தக் கதவையும் மூடியிருக்கிறது. சீனிக்குப் பதிலாக இனிப்பைத் தருவதற்கென்று உலர்பழ விழுது, கெட்டிப்படுத்திய பழச்சாறு போன்றவற்றைச் சேர்த்தால் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதக் கூடாது. தேன், வெல்லப்பாகு சேர்த்தாலும் எழுதக் கூடாது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். நிறமும் மணமும் கொஞ்சம் தாதுச்சத்தும் கூடுதலாக இருக்கும். இரத்தம் அந்த வித்தியாசத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. "கருப்பட்டி என்றால் பரவாயில்லை" என்று நம் பெண்கள் பலர் நம்புகிறார்கள். டாக்டர் முன்னாலும் அப்படியே சொல்கிறார்கள்.

ஆக ரோல் இந்த வரிசையிலிருந்தே வெளியே போனது. நல்ல பண்டம்தான், எல்லோருக்குமான இனிப்புகளோடு அதன் சொந்தப் பெயரிலேயே விற்கட்டும் என்று முடிவு செய்தோம்.

மிஞ்சியது நெய் மைசூர்பாக். இதில் தொழில் நுணுக்கம் இருக்கிறது. சுக்ரலோஸ் சீனியைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. 200 கிராம் சீனியின் இனிப்புக்கு அரை கிராமுக்கும் குறைவாகவே போதும். ஆனால் மைசூர்பாக்குக்கு இனிப்பு மட்டும் போதாது, பாகு வேண்டும். அரை கிராம் பொடியில் எங்கிருந்து பாகு வரும்? கம்பிப் பதமும் வராது, துண்டும் நிற்காது. அதனால் சீனியின் இடத்தை நிரப்ப மால்டிடால் போன்ற பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். இவற்றைச் சர்க்கரை ஆல்கஹால் என்பார்கள். பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். அது வேதியியல் வகைப்பெயர் மட்டுமே. போதை தரும் மதுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் கேள்வி நிச்சயம் வரும் என்பதால் முன்பே சொல்கிறேன்.

தம்பியின் அளவு இது: கடலைமாவு 100 கிராம், நெய் 200 கிராம், சீனி 200 கிராம். 25 துண்டு வரும். ஒரு துண்டில் சீனி 8 கிராம், நெய் 8 கிராம், மொத்தம் சுமார் 120 கலோரி. இப்போது சீனியை எடுத்துவிட்டு அதே 200 கிராம் மால்டிடால் போட்டால் என்ன ஆகும்? சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும், சர்க்கரை ஆல்கஹாலுக்கு லேபிள் கணக்கில் 2.4 கலோரி. துண்டுக்கு 13 கலோரிதான் குறைகிறது, 120 என்பது 107 ஆகிறது. அவ்வளவுதான். நெய் 8 கிராம் அப்படியே இருக்கிறது. கடலைமாவின் மாவுச்சத்தும் அப்படியே இருக்கிறது. உடம்பு குறையும், கொழுப்பு குறையும் என்று எண்ணி வாங்குபவருக்கு இந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை.

இரத்தச் சர்க்கரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆதாயம் உண்டு. மால்டிடால் குடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. அதனால் அதே எடைச் சீனியைவிடக் குறைவாகவே ஏற்றும். ஆனால் கொஞ்சம் ஏற்றவே செய்யும். உறிஞ்சப்படாமல் மிஞ்சுவது பெருங்குடலுக்குப் போய் வாயுவாகவும் வயிற்றுப்போக்காகவும் முடியும். துண்டுக்கு 8 கிராம், நான்கு துண்டு தின்றால் 32 கிராம். பலருக்கு வயிறு கடமுடா என்று சொல்லிவிடும். பண்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இது இருந்தால் "மலமிளக்கக் கூடும்" என்ற எச்சரிக்கையைப் பெட்டியில் போட்டே ஆக வேண்டும். தம்பியின் மைசூர்பாக்கில் பத்தில் நான்கு பங்கு இருக்கிறது. "வயிறாரச் சாப்பிடலாம்" என்ற வரி இந்த இடத்தில் தானாகவே அடிபட்டுப் போனது.

இதையாவது சுகர் ஃப்ரீ என்று எழுதலாமா? சர்க்கரை ஆல்கஹால் சர்க்கரை வகைக் கணக்கில் வராது என்பது சரி. ஆனால் கடலைமாவிலேயே கொஞ்சம் இயல்பான சர்க்கரை உண்டு. 100 கிராமுக்கு அரை கிராம் என்பது மிக மெல்லிய கோடு. அதைத் தாண்டுகிறதா இல்லையா என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துத்தான் சொல்ல முடியும், நாக்கால் சொல்ல முடியாது. தம்பி இன்னும் கொடுக்கவில்லை. அதனால் இதற்கும் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

"சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்" என்ற வரிக்கு விவாதமே தேவைப்படவில்லை. நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று உணவுப் பண்டத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி இதை ஏன் மேலே வைக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் வியாபாரியிடம் கேட்ட செய்தி நாம் மத்ரஸாவில் படித்ததுதான். அதை நான் நினைவூட்டும் முன் தம்பியே சொன்னார், "ஈரத்தை மேல வெச்சிடலாம் அண்ணே."

இனி நான் முதலில் சொல்லாமல் விட்ட காரணம்.

என் மூத்த அண்ணன் நாற்பது வருடமாகத் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர். சில வருடங்களாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் போன ரமளானில் நோன்பு வைத்தார். அஸருக்குப் பிறகு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. நோன்பை முறித்துவிடலாம் என்று அண்ணிக்குச் சரியாகவே தோன்றியிருக்கிறது. இனிப்பாக எதையாவது கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. கைக்கு எட்டிய டப்பாவிலிருந்து ஒரு லட்டும், பிறகு இன்னொன்றும் கொடுத்திருக்கிறார். அது அண்ணனுக்கென்று வெளியூரில் வாங்கி வைத்திருந்த சுகர் ஃப்ரீ லட்டு. பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மாற்றமும் இல்லை. நான் போய் விரலில் குத்திப் பார்த்தபோது 58 காட்டியது. குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்த பிறகுதான் மனிதர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். அல்ஹம்துலில்லாஹ்.

யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் இந்த இனிப்புகளை வாங்குகிற வீட்டில்தான் இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் இருக்கும். இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்ட நேரத்தில் இந்த இனிப்பு கை கொடுக்காது. சீனி இல்லை என்பதே அதன் குணம், கூடவே நெய் செரிமானத்தை மெதுவாக்கும். அளவு 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று சின்ன ஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். பொடி இல்லாத வீட்டில் சீனித் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மாத்திரை சீனி உடைவதையே தாமதப்படுத்துகிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடியே இருக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த எச்சரிக்கையையும் பெட்டி மேல் போட வேண்டும் என்று கேட்டேன். எந்த விதியிலும் அது இல்லை. "இதைப் போட்டா யார் அண்ணே வாங்குவாங்க?" என்று தம்பி கொஞ்சம் முகம் சுளித்தார். அண்ணன் கதையைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

திருத்திய அறிவிப்பு இதோ:

"பெருநாளுக்குச் சீனி சேர்க்காத இனிப்புகள்: நெய் மைசூர்பாக், பால்கோவா.

மைசூர்பாக்: கடலைமாவு, நெய், மால்டிடால், சுக்ரலோஸ். சர்க்கரை சேர்க்கப்படவில்லை. ஒரு துண்டில் நெய் 8 கிராம், சுமார் 107 கலோரி. அதிகம் சாப்பிட்டால் மலமிளக்கக் கூடும்.

பால்கோவா: பால், சுக்ரலோஸ். சர்க்கரை சேர்க்கப்படவில்லை. பாலின் இயல்பான சர்க்கரை 100 கிராமுக்கு 22 கிராம் அளவில் உண்டு.

இவை மருந்தல்ல. இரத்தச் சர்க்கரை ஏறவே ஏறாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளவும். மாத்திரை, இன்சுலின் அளவை இதற்காக மாற்ற வேண்டாம். இரத்தச் சர்க்கரை இறங்கிய நேரத்தில் இதைக் கொடுக்க வேண்டாம், குளுக்கோஸ் கொடுக்கவும்."

விற்பனை நோட்டீஸ் மாதிரி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். தம்பியும் அதைத்தான் சொன்னார்.

வாங்கியவர்கள் எப்படிச் சாப்பிடலாம் என்று கேட்பீர்கள். உங்கள் டாக்டர் சொல்வதுதான் முதல். குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் தங்கள் உடம்பையே கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் வழக்கமான சாப்பாட்டுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். இன்னொரு நாள் அதே சாப்பாட்டோடு ஒரு துண்டு சேர்த்து அதேபோல் பாருங்கள். இரண்டு நாளின் ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தத் துண்டின் வேலை. பெருநாள் அன்று இந்தச் சோதனை வேண்டாம். பிரியாணியும் சேமியாவும் நடுவில் வந்து கணக்கைக் குழப்பிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சர்க்கரை நோய் இல்லாதவர்கள், எடை குறையும் என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. எடைக்காக இத்தகைய செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது.

வேறு கடையில் வாங்கினால் முன்பக்கத்தின் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து வரிசையாக இருக்கும். தேன், லிக்விட் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், பேரீச்சை விழுது என்று வந்தால் முன்பக்கச் சொல்லை நம்ப வேண்டாம். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் இரத்தத்தில் குளுக்கோஸ் போலவே வேகமாக ஏறும். தட்டில் வைத்துச் சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று 2020 அக்டோபர் முதல் எழுதி வைத்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இந்த அறிவிப்புக்காக நம் அறக்கட்டளை கடையிடம் பணமோ பங்கோ வாங்கவில்லை. சீனி சேர்க்காத பெட்டிகளுக்குப் பச்சை நிற நாடா கட்டித் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். வீட்டில் மற்ற இனிப்புகளோடு கலக்காமல் தனியே வையுங்கள். விலை சாதாரண இனிப்பைவிடக் கூடுதலாக இருக்கும், மால்டிடால் விலை அப்படி. முன்கூட்டிச் சொல்பவர்களுக்கு மட்டுமே செய்வதால் பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு வரை கடையில் பெயர் கொடுக்கலாம். பால்கோவாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, பெட்டியில் போட்டிருக்கும் தேதிக்குள் முடித்துவிடுங்கள்.